‘தேய்மானம்’ என்ற சொல்லை மருத்துவ அறையிலிருந்து வெளியேற்றுங்கள்

முழங்கால் வலியோடு மருத்துவரிடம் செல்லும் ஐம்பது வயதைக் கடந்த எவரும் இந்த நாட்டில் ஒரே வாக்கியத்தைத்தான் கேட்டுத் திரும்புகிறார். தமிழில் அது ‘மூட்டு தேய்ந்துவிட்டது’. இந்தியில் ‘குட்னா கிஸ் கயா’. தெலுங்கில் ‘மோகாள்ளு அரிகிபோயாயி’. மராத்தியில் ‘குட்க்யாச்சி ஜீஜ்’. மொழிக்கு மொழி வேறுபடும் நோய்ப்பெயர்களுக்கு நடுவே இந்த ஒரு படிமம் மட்டும் எல்லா மொழிகளிலும் ஒன்றாகவே இருக்கிறது. செருப்பின் அடிப்பகுதி தேய்வதுபோல, வண்டிச் சக்கரம் தேய்வதுபோல, முழங்காலும் தேய்கிறது. ‘கிரீஸ் தீர்ந்துபோயிற்று’ என்று சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு.

மும்பையில் உடல் இயக்கவியல் ஆய்வு மாணவனாக நான்கு ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். முழங்காலின் மீது விழும் விசைகளைக் கணக்கிடுவது என் அன்றாட வேலை. அந்தத் தகுதியில் சொல்கிறேன்: இந்தப் படிமம் தவறு. ஒரு சொல் பிழையாக இருப்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்ட மனிதர் அடுத்து என்ன செய்கிறார் என்பதே என் வழக்கு. தேயும் பொருளைக் குறைவாகப் பயன்படுத்துவதுதானே அறிவு? அவர் நடப்பதை நிறுத்துகிறார். மாடி ஏறுவதை நிறுத்துகிறார். ஓராண்டில் தொடை மெலிகிறது, வயிறு பெருக்கிறது, வலி கூடுகிறது. ‘பார்த்தீர்களா, இன்னும் தேய்ந்துவிட்டது’ என்று அடுத்த எக்ஸ்ரே படத்தின் முன்னால் மீண்டும் அதே வாக்கியம் சொல்லப்படுகிறது.

என் அம்மாவுக்கு இது நடந்தது. அவருக்கு ஐம்பத்தேழு வயது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் நின்றுகொண்டே பாடம் நடத்தியவர். இரண்டாம் மாடியில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் குடியிருப்பு. உயரம் 154 செ.மீ., எடை 78 கிலோ. வலது முழங்காலில் இரண்டு ஆண்டுகளாக வலி. மருத்துவர் ஒருவர் படத்தை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து, குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார். மூன்று அறிவுரைகள் கிடைத்தன: மாடி ஏறாதீர்கள், அதிகம் நடக்காதீர்கள், எடையைக் குறையுங்கள். முதல் இரண்டையும் கடைப்பிடிப்பவர் மூன்றாவதை எப்படிச் செய்வார் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நானும் அன்று கேட்கவில்லை.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குருத்தெலும்பில் நரம்பு இல்லை. இரத்தக் குழாயும் இல்லை. இது பாடநூல் செய்தி. ஆனால் பாடநூலில் படிப்பது வேறு, அதை ஒருவர் தம் உடம்பில் சோதித்துப் பார்ப்பது வேறு. ஸ்காட் டை என்ற அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் அதைச் செய்தார். மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்தாமல், தோலை மட்டும் மரக்கச் செய்து, தம் சொந்த முழங்கால்களுக்குள் நுண்கருவியை விட்டு ஒவ்வொரு திசுவையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். எங்கே தட்டினால் என்ன உணர்வு என்று விழிப்போடு படுத்தபடி பதிவு செய்தார். 1998-இல் அது ஆய்விதழில் வெளிவந்தது. மூட்டின் உட்புறச் சவ்வைத் தொட்டபோது கடும் வலி. மூட்டுறையிலும் அவ்வாறே. முழங்காற் சில்லின் கீழுள்ள கொழுப்புத் திண்டிலும் அவ்வாறே. சில்லின் குருத்தெலும்பைத் தட்டியபோது எதுவும் தெரியவில்லை. அந்தக் குருத்தெலும்பு ஏற்கெனவே ஓரளவு சிதைந்திருந்தது என்பதும், அதுவரை அதனால் அவருக்கு எந்த வலியும் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கவை.

ஆக வலிப்பது குருத்தெலும்பு அன்று. வலிப்பவை அதைச் சூழ்ந்தவை: வீங்கிய மூட்டுச்சவ்வு, குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு, இழுபட்ட மூட்டுறை, களைத்த தசை. குருத்தெலும்பு குறையும்போது அடியெலும்பின் மீது சுமை கூடுகிறது. அங்கே நுண்சிதைவும் நீர்க்கோப்பும் உண்டாகின்றன. குருத்தெலும்பின் துகள்களும் சிதைபொருள்களும் சவ்வை எரிச்சலூட்டுகின்றன. எனவே தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொடர்பு சுற்றி வளைத்தது. அதனால்தான் படத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்து ஒருவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று சொல்ல முடிவதில்லை.

இதற்கு அசைக்க முடியாத சான்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர மக்களிடமிருந்து கிடைத்தது. ஐம்பது வயதைக் கடந்த, எக்ஸ்ரேயில் மூட்டு நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லாத 710 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளியானது. 89 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு குறை தெரிந்தது: குருத்தெலும்புச் சிதைவோ, எலும்பு முள்ளோ, வேறொன்றோ. வலி உள்ளவர்களிடம் மட்டும் அல்ல, வலியே இல்லாதவர்களிடமும் ஏறத்தாழ அதே அளவில் தெரிந்தது. இந்தச் செய்தியை அறிந்த பிறகு, நடுவயதைக் கடந்த ஒருவரின் படத்தைக் காட்டி ‘இதோ உங்கள் வலி’ என்று விரல் நீட்டுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். நம் ஊர்களில் அந்தத் துணிச்சலுக்குப் பஞ்சம் இல்லை.

இரண்டாவது, தேய்மானம் என்ற சொல் குருத்தெலும்பை உயிரற்ற பொருளாக்கிவிடுகிறது. வண்டிச் சக்கரத்தின் ரப்பர் ஓடினால் குறையும், நிறுத்திவைத்தால் அப்படியே இருக்கும். குருத்தெலும்பு அப்படிப்பட்டது அன்று. அதன் எடையில் முக்கால் பங்கு நீர். அந்த நீரைப் பிடித்துவைப்பவை புரதமும் சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்த பெருமூலக்கூறுகள். அவற்றைக் கட்டிவைப்பது கொலாஜன் வலை. இவற்றுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் உயிரணுக்கள் இந்தப் பெருமூலக்கூறுகளை ஓயாமல் உடைத்தும் உருவாக்கியும் வருகின்றன. இரத்தம் வராத இடத்தில் அவற்றுக்கு உணவு எப்படிக் கிடைக்கிறது? மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வருகிறது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி நீரை வெளியேற்றுகிறது. காலைத் தூக்கும்போது மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. இந்த அழுத்தமும் தளர்வும் மாறி மாறி நிகழ்வது அந்தத் திசுவுக்கு வேண்டிய பக்குவம். அடிபட்டு மாதக்கணக்கில் காலை அசைக்காமல் கிடப்பவர்களின் குருத்தெலும்பு மெலிவதை எம்.ஆர்.ஐ. காட்டுகிறது. ‘பயன்படுத்தாததால் தேய்ந்தது’ என்று எந்தச் சக்கரத்தைப் பற்றியாவது சொல்ல முடியுமா?

ஒரு வேறுபாட்டை இங்கே மறைக்கக் கூடாது. பெருமூலக்கூறுகள் புதுப்பிக்கப்படுகின்றன, கொலாஜன் வலை வளர்ந்த மனிதரிடம் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. அந்த வலை கிழிந்தால் மீண்டும் பழையபடி பின்னப்படுவதில்லை. ஆகவே குருத்தெலும்பை வளர்த்துத் தருகிறோம் என்று மாத்திரை, தைலம், ஊசி, பொடி ஆகியவற்றை விற்கும் விளம்பரங்கள் தேய்மானம் என்ற சொல்லின் மறுபக்கமே. தேய்ந்தது என்று முதலில் நம்ப வைத்தால்தான் பூசி நிரப்புகிறேன் என்று அடுத்து வர முடியும். குளுக்கோசமைன் மாத்திரையை 1,583 நோயாளிகளிடம் சோதித்த பெரிய அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மொத்தக் குழுவில் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை. இன்றும் அதை மாதந்தோறும் வாங்குபவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

இனி எடைக்கு வருகிறேன். இந்தப் பகுதியில்தான் தேய்மானக் கதை மிகவும் நம்பத்தக்கதாகத் தோன்றும். சுமை கூடினால் தேயும், குறைந்தால் தேயாது. எளிய இயற்பியல் என்று தோன்றும். ஆனால் இயற்பியல் அவ்வளவு எளிதன்று.

செயற்கை மூட்டுக்குள் விசைமானியைப் பொருத்தி, பெர்லின் ஆய்வாளர்கள் நடக்கும் மனிதர்களின் முழங்காலில் விழும் விசையை நேரடியாக அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உச்ச விசை உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மாடி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல். இறங்கும்போது மூன்றரை மடங்கை நெருங்குகிறது. ஒரு காலில் நிற்கும் மனிதரின் எடை ஒரு மடங்குதானே, மீதி எங்கிருந்து வருகிறது? தசையிலிருந்து. மடங்கிய முழங்கால் சரிந்துவிடாமல் தொடையின் முன்தசை இழுத்துப் பிடிக்கிறது. நெம்புகோலின் குட்டைக் கையில் நின்று இழுப்பதால் அது பெரும் விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுவை முழுவதும் மூட்டை அழுத்தும் விசையாகிறது. ஆகவே எடை ஒரு கிலோ கூடினால் மூட்டில் ஒரு கிலோ கூடுவதில்லை. ஸ்டீபன் மெஸ்ஸியரும் உடன் ஆய்வாளர்களும் எடை குறைத்த முழங்கால் நோயாளிகளின் நடையை அளந்து 2005-இல் வெளியிட்ட கணக்கு புகழ்பெற்றது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் சுமை நான்கு கிலோ குறைகிறது.

அம்மாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஏழு கிலோ குறைந்தால் அடிக்கு 28 கிலோ குறையும். நாளைக்கு ஐயாயிரம் அடிகள் என்றால் வலது காலுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. பெருக்கினால் எழுபது டன். அவர் கணித ஆசிரியர், விடையைச் சரிபார்த்துவிட்டு, “சரிடா, ஆனா முட்டி என்ன கூட்டிக்கிட்டா இருக்கு?” என்று கேட்டார். கேள்வி சரியானது. மூட்டு பேரேடு வைத்திருப்பதில்லை. எடை முழுக்கச் சுமையின் வழியாகவே வேலை செய்வதாக இருந்தால், விரல் மூட்டுகளுக்கு இந்த நோய் ஏன் எடை கூடியவர்களிடம் அதிகமாக வருகிறது? யாரும் விரல்களால் நடப்பதில்லை.

கொழுப்புத் திசு வெறும் மூட்டை அன்று, சுரப்பி. லெப்டின் முதலிய பொருள்களையும் அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் அது இரத்தத்தில் கலக்கிறது. அவை மூட்டுச்சவ்வுக்கும் செல்கின்றன. இதை எலிகளில் நயமாகப் பிரித்துக் காட்டியவர்கள் கெல்சி காலின்ஸும் ஃபார்ஷித் கிலாக்கும் அவர்களுடைய குழுவினரும். கொழுப்புத் திசுவே உருவாகாத எலிகள் எடையில் மற்ற எலிகளுக்குக் குறைவில்லாமல் இருந்தும், குருத்தெலும்புச் சிதைவிலிருந்து தப்பின. அந்த எலிகளுக்குச் சிறிதளவு கொழுப்புத் திசுவை ஒட்டவைத்தபோது பாதுகாப்பு நீங்கிற்று. 2021-இல் வெளிவந்த இந்த ஆய்வை அப்படியே மனிதர்மேல் ஏற்றக் கூடாது. ஆனால் எடை என்பது தராசுத் தட்டுக் கணக்கு மட்டும் அன்று என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குக் காட்டவில்லை.

இப்போது என் வழக்கின் மையச் சான்று. ஐடியா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு, அதே மெஸ்ஸியர் குழு, 2013. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த, எடை கூடிய, முழங்கால் நோயுள்ள 454 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும். இன்னொன்றுக்கு உடற்பயிற்சி மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, இரண்டையும் செய்தவர்கள் உடல் எடையில் 11 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக இழந்திருந்தார்கள். அவர்களுடைய வலி ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களின் எடை இரண்டு விழுக்காடே குறைந்தது. அவர்களுக்கும் வலி குறைந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. இனிதான் கவனிக்க வேண்டியது. மூட்டு இடைவெளியை எக்ஸ்ரேயில் அளந்தபோது மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எம்.ஆர்.ஐ. படத்திலும் அப்படியே. வலி பாதியாகியிருக்கிறது, குருத்தெலும்பு மட்டும் மற்றவர்களிடம் எப்படியோ அப்படியேதான் இவர்களிடமும்.

தேய்மானம் என்ற சொல்லால் இந்த முடிவை விளக்கிக் காட்டுங்கள். தேய்ந்தது திரும்பி வளரவில்லை, தேய்வு வேகம் குறைந்ததாகவும் தெரியவில்லை, ஆனால் மனிதர் மாடி ஏறுகிறார்.

தசையின் பக்கம் திரும்பினால் இன்னொரு கதவு திறக்கிறது. நலமான முழங்காலுக்குள் ஊசியால் உப்புநீரைச் சிறிதளவு செலுத்திப் பல ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். வலி ஏதும் இல்லை. ஆனாலும் தொடை முன்தசையின் வலு உடனே இறங்கிவிடுகிறது. மூட்டு விரிந்திருப்பதை உணரும் நரம்பு முனைகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, தண்டுவடம் அந்தத் தசையை அடக்கிவைக்கிறது. அந்த மனிதர் முழு மனத்தோடு முயன்றாலும் தசை முழுவதும் வேலை செய்யாது. வீங்கிய முழங்கால் உள்ளவர்களுக்கு இது ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. தசை மெலிகிறது. மெலிந்த தசை, ஊன்றும்போது வரும் அதிர்வைத் தாங்கிக்கொள்வதில்லை; படி இறங்கும்போது காலைக் கட்டுப்பாட்டோடு மடக்க முடிவதில்லை. ‘கால் நழுவுகிறது, விட்டுப்போகிறது’ என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். அதற்கு மேல் ‘நடக்காதீர்கள்’ என்ற அறிவுரை வேறு.

அம்மாவிடம் தசையை வலுப்படுத்தும் பயிற்சியைச் சொன்னபோது அவர் கேட்டது: “ஏண்டா, தேஞ்சத இன்னும் தேய்க்கச் சொல்றியா?” முப்பது நொடிகளில் ஒரு மருத்துவர் விதைத்த சொல்லைப் பிடுங்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. இயன்முறை மருத்துவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் சொற்படி தொடங்கினோம். என்ன செய்தோம் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். ஏனெனில் ‘உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்பது அளவு குறிக்காத மருந்துச் சீட்டு.

முதல் நாள் ஒரு சோதனை. சாதாரண நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது நொடிகளில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? அம்மாவால் ஆறு முறை. இரண்டு மாடி ஏறி முடிக்கும்போது வலி பத்துக்கு ஏழு என்றார். இவை இரண்டும் எங்கள் அளவுகோல்கள். எக்ஸ்ரேயை அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

பயிற்சிகள் நான்கே. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். தொடக்கத்தில் இருக்கையின் மேல் கனமான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினோம், முழங்கால் குறைவாக மடங்கட்டும் என்று. கீழ்ப்படி ஒன்றின் மேல் ஏறி இறங்குதல், கைப்பிடியைப் பிடித்தபடி. பக்கவாட்டில் படுத்து மேற்காலைத் தூக்குதல். இடுப்பின் பக்கத் தசை தளர்ந்தால் நடக்கும்போது உடல் ஒருக்களித்து முழங்காலின் உட்புறம் சுமை கூடும், அதற்காக. சுவரைப் பிடித்துக் குதிகால்களை உயர்த்துதல். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று, வாரத்தில் மூன்று நாள். கடைசி இரண்டு தடவை உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் தலையணையை எடுத்துவிட வேண்டும், பிறகு கையில் எடை பிடிக்க வேண்டும். பலர் தோற்பது இங்கேதான். படுக்கையில் காலை நீட்டித் தசையை இறுக்கும் அதே பயிற்சியை ஆறு மாதம் செய்துவிட்டுப் பயன் இல்லை என்கிறார்கள். சுமை கூடாத இடத்தில் தசை வலுப்பெறக் காரணம் ஏதும் இல்லை.

வலி வந்தால் என்ன செய்வது? இதற்கு ஒரு விதி உண்டு. பயிற்சியின்போது பத்துக்கு ஐந்து வரை வலித்தால் பொறுத்துக்கொள்ளலாம், மறுநாள் காலையில் அது பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால். திரும்பவில்லை என்றால், அல்லது முழங்கால் வீங்கினால், அளவு கூடிவிட்டது. நிறுத்தக் கூடாது, பாதியாகக் குறைக்க வேண்டும். மூன்றாம் வாரம் அது நேர்ந்தது. விநாயகர் சதுர்த்திக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் கடைகடையாக நடந்துவிட்டு வந்தார். மறுநாள் முழங்கால் சொம்பு போல வீங்கியிருந்தது. ‘நான்தான் சொன்னேனே’ என்ற பார்வையை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். நான்கு நாட்கள் பாதி அளவில் செய்தோம், தலையணை மீண்டும் வந்தது. வெளியே செல்ல இடது கையில் ஒரு கைத்தடி. வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடித்தால்தான் அந்தக் காலின் சுமை குறையும். வீக்கம் வடிந்தது.

எடையைப் பொறுத்தவரை பயிற்சி அதிகம் உதவாது என்பதை மேலே சொன்ன ஆய்வே காட்டுகிறது. தட்டுதான் மாற வேண்டும். நாளைக்கு நான்கு முறை சர்க்கரையோடு குடித்த தேநீர் இரண்டாயிற்று, மாலை பிஸ்கட் போயிற்று, இரவுச் சோறு பாதியாகிப் பயறும் முட்டையும் கூடின. தசையும் சேர்ந்து கரைந்துவிடாதிருக்கப் புரதம் தேவை. மூன்று மாதத்தில் மூன்று கிலோ, ஓராண்டில் ஏழு. பன்னிரண்டாம் வாரத்தில் நாற்காலிச் சோதனையில் பதினொன்று. இரண்டு மாடி ஏறினால் வலி நான்கு. ஓராண்டு கழித்து இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே. ஒரு தாயின் கதை சான்றாகாது என்பதை எவரும் எனக்கு நினைவூட்டத் தேவையில்லை. சான்று மேலே உள்ள ஆய்வுகளில் இருக்கிறது, இது அதன் வடிவத்தைக் காட்டுவதற்காக.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ‘மாற்று மூட்டுதான் இறுதித் தீர்வு, அதைத் தள்ளிப்போடச் சொல்கிறாயா?’ என்று கேட்பார்கள். டென்மார்க்கில் சோரன் ஸ்கூவும் உடன் ஆய்வாளர்களும் மூட்டு மாற்றுக்குத் தகுதியான நூறு பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவையோடு பயிற்சியும், மறுபாதிக்குப் பயிற்சி, உணவு ஆலோசனை முதலியவற்றை மட்டும் அளித்தார்கள். 2015-இல் வந்த முடிவை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. அறுவை வெல்கிறது. அதே ஆய்வில் அவர்களுக்கே கடும் பக்கவிளைவுகளும் கூடுதலாக நேர்ந்தன. அறுவை செய்யாத பாதியில் ஓராண்டுக்குள் நான்கில் ஒருவரே அறுவைக்கு மாறினார். மீதி மூவருக்கு அந்த ஆண்டில் அது தேவைப்படவில்லை. இரவில் தூங்கவிடாத வலி, பயிற்சியாலும் எடைக் குறைப்பாலும் மாறாத முடக்கம், வளைந்துபோன கால் ஆகியவை இருந்தால் அறுவை அருமையான சிகிச்சை. அதற்கு முன் மற்றதை முயன்றிருக்க வேண்டும் என்பதே கேள்வி. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு செயற்கை முழங்கால்களுக்கு உச்சவிலை நிர்ணயித்தது. பெரிதும் பயன்படும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், வரி நீங்கலாக. நல்ல நடவடிக்கை. ஆனால் பன்னிரண்டு வாரம் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி செய்ய விரும்புகிறவருக்கு யார் பணம் தருகிறார்கள்? மருத்துவமனையில் படுத்தால் பணம் தரும் காப்பீடுகள், படுக்காமல் தடுக்கும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் தருவதில்லை.

‘பயிற்சியின் பயன் சிறியது’ என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை உண்டு. ஆய்வுத் தொகுப்புகளில் அந்தப் பயன் நடுத்தரமானது என்றும், சிலவற்றில் சிறியது என்றும் தெரிகிறது. செய்வதை நிறுத்தினால் கரைந்துவிடுகிறது. பயிற்சி குருத்தெலும்பைத் தடிமனாக்கும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் வலி மாத்திரையின் பயனும் ஏறத்தாழ அந்த அளவே. மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கேட்டு வாங்குகிறது.

எல்லா முழங்கால் வலியும் இந்த நோய் அன்று என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. காலை எழுந்ததும் அரை மணிக்கு மேல் நீடிக்கும் இறுக்கம், பல மூட்டுகளில் வீக்கம், காய்ச்சலோடு சிவந்து சுடும் முழங்கால், விழுந்த பிறகு ஊன்ற முடியாத கால், பூட்டிக்கொண்டு நீட்ட முடியாத மூட்டு ஆகியவற்றுக்கு மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். இந்தப் பதிவைக் காட்டி யாரையும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லாதீர்கள்.

‘தேய்மானத்துக்குப் பதில் என்ன சொல்வது?’ என்று மருத்துவ மாணவர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். நான் சொன்னது: “உங்கள் மூட்டு எரிச்சலடைந்திருக்கிறது, அதைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது, இரண்டையும் மாற்றலாம்.” இதைச் சொல்ல முப்பது நொடிகள் தேவையில்லை. அம்மா சென்ற மாதம் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார், வேறொரு மருத்துவர் கேட்டதற்காக. மூட்டு இடைவெளி சென்ற ஆண்டு இருந்தது போலவே இருக்கிறது. மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, “தேய்மானம் அப்படியே இருக்கும்மா, மாடியெல்லாம் ஏறாதீங்க” என்றார். அவருடைய மருத்துவ அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி அன்று பழுது.

மறுக்க விரும்புவோர் ஆய்வுகளோடு வாருங்கள், கருத்துப் பகுதியில் பேசுவோம்.